லோகோவை எடுத்தேன், பெயரை வைத்தேன்

"லோகோவை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ தம்பி. அது இருந்தாத்தான் சனம் நம்பும்."

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற ஏழு மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் இதைச் சொன்னார். ஓய்வுபெற்ற கணக்காளர். நல்ல மனிதர். ஆனி மாத மழை தொடங்கி, கீழ்மாடியில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு வந்து ஒருவாரம் ஆகியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கில வெளியீடு ஒன்றிலிருந்து படங்களோடு கூடிய ஒரு பக்கத்தைப் பதிவிறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு வந்திருந்தார். ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழைப் போட வேண்டும். ஏ3 அளவில் பன்னிரண்டு பிரதிகள். லிஃப்டுக்குள் ஒன்று, வாசலில் ஒன்று, மற்றவை மாடிக்கு மாடி.

வேலை சிறியது. ஆனால் அவர் கேட்ட மாற்றங்கள் நான்கு. முதலாவது தமிழாக்கம். இரண்டாவது, தண்ணீர் தேங்கும் பாத்திரங்களை வாரம் ஒருமுறை கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்ற வரியில் வாரம் என்பதை மாதம் ஆக்குவது. சங்கம் மொட்டைமாடியை மாதம் ஒருமுறைதான் சுத்தம் செய்கிறது, போஸ்டரில் வேறு மாதிரி இருந்தால் சனம் கேள்வி கேட்கும் என்றார். மூன்றாவது, பப்பாசி இலைச் சாறு குடிக்கலாம் என்று ஒரு வரி சேர்ப்பது. நான்காவது, அச்சுச் செலவைத் தருகிற மருந்துக் கடையின் லோகோவை மேலே வலது மூலையில், சர்வதேச லோகோவுக்குப் பக்கத்தில் அதே அளவில் வைப்பது.

இந்த நான்கையும் செய்து முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் போதும். பார்க்கிற யாருக்கும் எங்கே கை வைத்தேன் என்று தெரியாது. அதுதான் என்னை நிறுத்தியது.

பத்து வருடங்களுக்கு முன் வேறொரு அச்சகத்தில் இருந்தபோது ஒரு நாட்காட்டி செய்தோம். காலிமுகத்திடலின் மாலை நேரப் படம் ஒன்று. வலது கீழ் மூலையில் படம் எடுத்தவரின் பெயர் சின்னதாக வெள்ளை எழுத்தில் இருந்தது. நான் அதை அழித்தேன். பக்கத்தில் இருந்த புல்லையும் கடல் நுரையையும் அந்த எழுத்துகளின் மேல் பிரதி எடுத்து மூடினேன். ஜனவரியில் ஒருநாள் அந்த இளைஞர் நாட்காட்டியைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். காசு கேட்கவில்லை. "அண்ணா, என்ட பேரை எடுக்க எவ்வளவு நேரம் போச்சு?" என்று மட்டும் கேட்டார். நாலு நிமிஷம் என்று உண்மையைச் சொன்னேன். அந்தப் படத்துக்காக மூன்று மாலைகள் போய் நின்றதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கேள்வி இன்றும் என்னோடு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஒரு படத்தில் இருக்கிற எழுத்தும் லோகோவும் என்ன வேலை செய்கின்றன என்பதை நான் நின்று யோசிக்கத் தொடங்கினேன்.

நான் கண்டுகொண்டது இது. படத்தில் இருக்கும் பெயர் வேறு, லோகோ வேறு. தொழிலில் இருக்கிற நாங்களே இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கிறோம். பெயர், இதைச் செய்தவர் யார் என்று சொல்கிறது. லோகோ, இப்போது உங்களோடு பேசுகிறவர் யார் என்று சொல்கிறது. நான் ஒரு வரியை மாற்றிய அடுத்த கணமே பேசுகிறவர் மாறிவிடுகிறார், செய்தவர் மாறுவதில்லை. ஆகவே மாற்றிய படத்தில் மூலக்காரரின் பெயரை எடுத்துவிட்டால் அது திருட்டு. அவருடைய லோகோவை விடாமல் வைத்திருந்தால், அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லோகோவை நம்பிக்கைக்காக வைத்துக்கொண்டு, நன்றிக் குறிப்பை இடம் போதவில்லை என்று வெட்டிவிடுகிறார்கள்.

செயலாளர் ஐயாவுக்கு இதை வாயால் சொல்வதைவிட, அவர் கொண்டுவந்த அதே வெளியீட்டின் உரிமப் பக்கத்தைத் திறந்து காட்டுவது நல்லது என்று நினைத்தேன். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால், யாரும் வாசிக்காத சிறிய எழுத்தில் அது இருக்கும். உரிமத்தின் பெயர் CC BY-NC-SA 3.0 IGO. அதன்படி அந்த வெளியீட்டைப் பிரதி எடுக்கலாம், பகிரலாம், மாற்றியமைக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். முன்கூட்டிக் கடிதம் எழுதி அனுமதி கேட்கத் தேவையில்லை. ஐயா சந்தோஷப்பட்டார். அடுத்த வரிகளை நான் விரலால் காட்டினேன்: வணிக நோக்கம் கூடாது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும். நாம் செய்வதையும் அதே போன்ற உரிமத்தில் பிறருக்குத் திறந்துவிட வேண்டும். எந்த நிறுவனத்தையோ பொருளையோ சேவையையோ அவர்கள் ஆதரிக்கிறார்கள் என்ற தோற்றம் வரக்கூடாது. நிறுவனத்தின் லோகோவைப் பயன்படுத்த அனுமதி இல்லை.

"படத்தை முழுக்க மாத்தலாம், லோகோவை வச்சிருக்கக் கூடாதோ?" என்றார் ஐயா, நம்ப முடியாமல்.

அதேதான். முதலில் எனக்கும் இது தலைகீழாகத்தான் பட்டது. இவ்வளவு தாராளமாக எல்லாவற்றையும் மாற்ற விடுகிறவர்கள் லோகோவில் மட்டும் ஏன் இறுக்கிப் பிடிக்கிறார்கள்? யோசித்தால், மாற்ற விடுவதால்தான் இறுக்கிப் பிடிக்கிறார்கள். மாற்றிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றில் அவர்களுடைய கையெழுத்து இருக்க முடியாது.

மொழிபெயர்த்தால் சேர்க்க வேண்டிய வாசகத்தையும் அந்தப் பக்கமே கொடுக்கிறது. சாரம் இதுதான்: இந்த மொழிபெயர்ப்பை உலக சுகாதார நிறுவனம் செய்யவில்லை; இதன் உள்ளடக்கத்துக்கும் சரித்தன்மைக்கும் அது பொறுப்பல்ல; ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது. மொழிபெயர்ப்போடு நில்லாமல் உள்ளடக்கத்தையும் மாற்றியமைத்தால் வேறொரு வாசகம்: இது ஒரு தழுவல், இதிலுள்ள கருத்துகளுக்குத் தழுவியவர்களே பொறுப்பு, நிறுவனம் இதை அங்கீகரிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு பக்கத்தைப் பிரித்தெடுத்து, படங்களின் வரிசையை மாற்றி, எங்கள் கட்டிடத்தின் விஷயங்களையும் சேர்க்கப் போகிறோம். ஆகவே எங்களுடையது இரண்டாம் வகை.

உரிமம் இல்லாத படமாக இருந்தால் கதை வேறு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி மொழிபெயர்ப்பதும் தழுவுவதும் உரிமையாளருக்கே உரியவை. அதற்கு மேல், படைத்தவருக்குத் தன் பெயர் காட்டப்பட வேண்டும் என்று கேட்கவும், தன் மதிப்பைக் கெடுக்கும் விதமாகப் படைப்பைத் திரிப்பதை எதிர்க்கவும் தனி உரிமை இருக்கிறது. காலிமுகத்திடல் படத்துக்காரர் என்னிடம் இதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

இன்னொன்றும் அந்த உரிமப் பக்கத்தில் இருந்தது. வெளியீட்டின் உள்ளே வேறு ஒருவருடையது என்று குறிப்பிடப்பட்ட படமோ அட்டவணையோ இருந்தால், அதற்கு அனுமதி வேண்டுமா என்று பார்ப்பது நம்முடைய பொறுப்பு. ஐயா கொண்டுவந்த பக்கத்தில் நுளம்பின் பெரிய புகைப்படம் ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில், நெடுக்காக, ஒரு புகைப்படக்காரரின் பெயர். அந்தப் பெயர் வேறு எதற்காக அங்கே இருக்கிறது? அந்தப் படத்தை விட்டுவிட்டோம். அந்த இடத்தில் நானே கோட்டோவியமாக ஒரு நுளம்பை, காலில் வெள்ளைப் பட்டிகளோடு, வரைந்தேன்.

பிறகு தமிழாக்கம். எழுத்தை மாற்றுவது என்றால் ஒன்றை அழித்து மற்றதை ஒட்டுவது என்று நினைக்கிறோம். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பெட்டிக்குள் தமிழ் வாக்கியம் நுழையாது என்பதே முதல் சிக்கல். மூன்று ஆங்கிலச் சொற்கள் தமிழில் இரண்டு வரியாகும். அப்போது டிசைனர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: எழுத்தைச் சிறிதாக்குவார், அல்லது வாக்கியத்தைச் சுருக்குவார். சுருக்கும்போதுதான் பொருள் தவறுகிறது. என் முதல் வரைவில், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்ற பெட்டியில், கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, முரசில் இரத்தம், மிகுந்த சோர்வு என்று போட்டிருந்தேன். மேலே இருந்த சின்ன வரியை இடம் போதாமல் விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாடியில் அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் இருக்கிறார். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயா வரைவை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அன்று மாலையே மிஸ் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, காய்ச்சல் விட்ட பிறகு எண்ட வரி எங்க?"

நான் வெட்டிய சின்ன வரி அதுதான். கடுமையான டெங்குவின் அறிகுறிகள் பெரும்பாலும் காய்ச்சல் குறைந்த பிறகுதான் தலைகாட்டும். வீட்டில் இருப்பவர்கள் காய்ச்சல் இறங்கியதும் பிள்ளைக்குச் சுகம் என்று நினைத்து நிம்மதியாகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அந்த வரி போனால், மிச்சம் எல்லாம் சரியாக இருந்தும், போஸ்டர் ஆட்களைத் தவறான நாளில் நிம்மதிப்படுத்தும். மேலே ஒரு சர்வதேச லோகோவும் இருந்திருந்தால் அந்த நிம்மதிக்கு முத்திரையும் விழுந்திருக்கும். படங்களைச் சிறிதாக்கி அந்த வரியைத் தடித்த எழுத்தில் திரும்பப் போட்டேன். ஐபுப்ரோபென், அஸ்பிரின் குடிக்க வேண்டாம், வலிக்குப் பரசிற்றமோல் மட்டும் என்ற வரியையும் மிஸ் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தார். அங்கே வேண்டாம் என்ற ஒரு சொல் விழுந்துபோனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எழுத்துருவால் வரும் தவறையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் அது நடக்காத நாள் இல்லை. எங்கள் அச்சகங்களில் இன்னும் பாமினிதான் அதிகம். பாமினியில் தட்டிய எழுத்து அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் தமிழ் என்பது `jkpo;` என்று நிற்கும். யூனிகோடில் தட்டினாலும், மென்பொருள் தமிழுக்குத் தயாராக இல்லாவிட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும், புள்ளி வேறு எழுத்தில் ஏறும். தமிழ் தெரியாத டிசைனருக்கு அது பிழை என்றே தெரியாது. தெருவிலும் பேருந்திலும் நாம் பார்க்கிற உடைந்த தமிழ்ப் பலகைகளில் பல இப்படிப் பிறந்தவையே. ஆகவே அச்சுக்குப் போகும் முன் பைலைத் திரையில் பார்த்தது போதாது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் காகிதத்தில் அடித்த பிரதியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். நாங்கள் மிஸ்ஸைக் கொண்டு வாசிப்பித்தோம்.

இப்போது வாரமும் மாதமும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் நுளம்பாக எங்கள் வெப்பத்தில் ஏறக்குறைய எட்டுப் பத்து நாட்கள் போதும். வாரம் ஒருமுறை என்ற கணக்கு அதிலிருந்துதான் வருகிறது: பறக்கும் முன் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மாதம் ஒருமுறை என்றால் இடையில் இரண்டு மூன்று தொகுதி நுளம்புகள் பறந்துவிடும். 2017 இல் இலங்கை முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள்; கொழும்பில் இருந்த யாரும் அந்த வருடத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு சொல்தானே என்று ஐயா நினைத்தார். படத்தில் அந்தச் சொல்லை மாற்றுவது மற்ற எல்லாவற்றையும்விட இலகு. தமிழில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம்.

நான் அவரிடம் சொன்னேன்: "ஐயா, சங்கம் மாதம் ஒருக்கா சுத்தம் செய்யிறது உங்கட தகவல். அதை உங்கட பெட்டியில போடுவம். அவையின்ட வரியில கை வைக்க வேண்டாம்." போஸ்டரின் கீழ் மூன்றில் ஒரு பங்கை வேறு நிறத்தில், வேறு கட்டத்தில் பிரித்தேன். மேலே எங்கள் கட்டிடத்திலிருந்து என்று தலைப்பு. மொட்டைமாடி சுத்தம் செய்யும் நாள், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு, லிஃப்ட் குழி, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கே. மூலத்திலிருந்து வந்தது மேலே, நாங்கள் சேர்த்தது கீழே. இரண்டும் ஒன்றில் ஒன்று கலக்கவில்லை. பிறர் படத்தில் எதையாவது சேர்க்க வேண்டியிருந்தால் எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான வழி இதுதான்: சேர்த்தது சேர்த்தது என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டும்.

அந்தப் பெட்டியில் மாதம் ஒருமுறை என்று அச்சடித்துப் பார்த்ததும் ஐயாவே முகத்தைச் சுளித்தார். மேலே வாரம், கீழே மாதம். அடுத்த கூட்டத்தில் பேசி வாரம் என்று ஆக்கிவிட்டார்கள். பப்பாசிச் சாறும் அப்படித்தான் போனது. சங்கத்தின் பெயரில் போடுங்கள் என்றதும், "நாங்கள் எப்படித் தம்பி சொல்லுறது?" என்று கேட்டார். மற்றவரின் லோகோவின் கீழ் சொல்லத் தயாராக இருந்த ஒன்றைத் தங்கள் பெயரில் சொல்ல அவர்கள் தயாராக இல்லை.

மருந்துக் கடையின் லோகோவை நான் ஒத்துக்கொள்ளவில்லை. உரிமம் வணிக நோக்கமில்லாத பாவனைக்கு மட்டும். பரசிற்றமோல் என்று எழுதிய ஒரு சுகாதார அறிவித்தலில் பரசிற்றமோல் விற்கிற கடையின் லோகோ வந்தால் அது எதற்காக வந்தது என்று யாருக்கும் விளங்கும். கடைக்காரர் முதலில் மனம் நொந்தார். சங்கம் தன் கூட்ட அறிக்கையில் அவருக்கு நன்றி எழுதியது. அவரும் காசைக் கொடுத்தார்.

மாற்றக் குறிப்பை எழுதுவதுதான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. சில மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன என்று ஒரு வரி போட்டுத் தப்பலாம். அந்த வரி வாசகருக்கு ஒன்றும் சொல்வதில்லை. எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் நாங்கள் போட்டது இது:

"மூலம்: உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கில வெளியீடு. உரிமம் CC BY-NC-SA 3.0 IGO. இது ஒரு தழுவல். நிறுவனம் இதைச் செய்யவோ அங்கீகரிக்கவோ இல்லை. தமிழாக்கம் எங்கள் சங்கம். மாற்றியவை: ஆங்கில எழுத்துகள் தமிழாக்கப்பட்டன, படங்களின் வரிசை மாற்றப்பட்டது, நுளம்பின் புகைப்படத்துக்குப் பதில் ஓவியம், கீழுள்ள மஞ்சள் பெட்டி முழுவதும் நாங்கள் சேர்த்தது."

வெளியீட்டின் தலைப்பும் ஆண்டும் அதோடு சேர்ந்திருந்தன. ஒருவர் சந்தேகப்பட்டால் மூலத்தைத் தேடிப் போய் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் குறிப்பே.

அதை முதல் அச்சில் அடியில், மிகச் சின்ன எழுத்தில் வைத்தேன். எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். அது தவறு என்று நாலு நாளில் தெரிந்தது. யாரோ லிஃப்டுக்குள் நின்று நடுப்பகுதியை மட்டும் போனில் படம் எடுத்து, குடியிருப்பின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கிருந்து வேறு குழுக்களுக்குப் போனது. குறிப்பு இல்லை. மூலப் பெயர் இல்லை. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து அதே படத்தை எனக்கே அனுப்பி, "இது ஆர் சொன்னது? நம்பலாமோ?" என்று கேட்டிருந்தார். பைலுக்குள் மறைவாகப் பதிந்துவைக்கும் தகவலும் உதவாது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது அழிந்துவிடுகிறது, போனில் எடுத்த படத்தில் அது இருக்கவே இருக்காது. படத்தோடு போகக்கூடியது படத்திலேயே தெரிகிற எழுத்து மட்டும்தான்.

இரண்டாம் அச்சில் குறிப்பை இரண்டாக்கினேன். தலைப்புக்கு நேர் கீழே, தலைப்பின் பாதி அளவில், உலக சுகாதார நிறுவன வெளியீட்டின் தழுவல், தமிழாக்கம் சங்கம் என்ற ஒரு வரி. தலைப்பை வெட்டாமல் அதை வெட்ட முடியாது. விவரம் முழுவதும் அடியிலேயே இருந்தது. எச்சரிக்கை அறிகுறிகள் பெட்டியைத்தான் ஆட்கள் அதிகம் படம் எடுப்பார்கள் என்று தெரிந்ததால், அதன் உள்ளே ஒரு மூலையிலும் அந்த ஒரு வரியைச் சின்னதாகப் போட்டேன்.

இவ்வளவும் வரைபடத்துக்கும் அறிவித்தலுக்கும் பொருந்தும். புகைப்படம் அப்படி அல்ல. வரைபடம் ஒன்றை விளக்குகிறது. அதை இன்னொரு மொழியில் விளக்கலாம். புகைப்படம், அந்த இடத்தில் அந்த நேரத்தில் இது இருந்தது என்று சாட்சி சொல்கிறது. சாட்சியை மொழிபெயர்க்கலாம், ஆனால் படத்துக்கு உள்ளே அல்ல, கீழே. என் நண்பர் ஒருவர் பிழையான தமிழோடு நிற்கிற பெயர்ப் பலகைகளைப் படம் எடுத்து முறைப்பாட்டோடு அனுப்புகிறவர். அவற்றில் பிழையைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டுவார். வட்டம் பிறகு போட்டது என்று குழந்தைக்கும் தெரியும், ஆகவே அது சரி. ஒருமுறை வெயிலில் மங்கிப்போன ஓர் எழுத்தை வாசிக்க வசதியாகக் கறுப்பாக்கித் தரச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அந்த எழுத்து எப்படி நிற்கிறது என்பதுதான் அங்கே வழக்கே. பெரிதாக்கிய துண்டு ஒன்றைத் தனியாகப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன்.

2014 ஜனவரியில் ஏபி செய்தி நிறுவனம் நார்சிசோ கொன்ரேராஸ் என்ற புகைப்படக்காரரோடு உறவை முறித்தது. சிரியாவில் அவர் எடுத்த போராளி ஒருவரின் படத்தின் மூலையில் சக செய்தியாளரின் வீடியோ கமரா கிடந்தது. அதை மண்ணாலும் கல்லாலும் மூடிவிட்டார். முந்திய வருடம் அந்த நிறுவனத்துக்குப் புலிட்சர் விருது பெற்றுக்கொடுத்த குழுவில் இருந்தவர் அவர். அவருடைய ஏறக்குறைய 500 படங்களை நிறுவனம் சோதித்து, வேறு எதிலும் மாற்றம் இல்லை என்று கண்டது. இருந்தும் முடிவை மாற்றவில்லை. அந்தக் கமரா போரைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்று சிலர் வாதிடலாம். ஆனால் சொல்லாமல் ஒன்றை எடுத்தவர் வேறு எதையும் எடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ள 500 படங்களைச் சோதிக்க வேண்டியிருந்ததே, அதைத்தான் நான் நினைக்கிறேன்.

புகைப்படத்தில் மறைக்க வேண்டியது இல்லாமல் இல்லை. பிள்ளையின் பாடசாலைச் சின்னம், வாகன இலக்கத் தகடு. அவற்றைக் கட்டம் கட்டமாக மங்கலாக்குங்கள். மங்கல் தன்னைத் தானே அறிவிக்கிறது. அதே தகட்டில் வேறு இலக்கம் எழுதினால், அல்லது சின்னத்தை அழித்து வெறும் வெள்ளைத் துணியாக்கினால், பார்க்கிறவர் உண்மையில் அப்படித்தான் இருந்தது என்று எடுத்துக்கொள்வார்.

செய்தித் தொலைக்காட்சிகளின் செய்தி அட்டைகளில் லோகோவை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றித் தரச்சொல்லி எங்கள் கடைக்கும் ஆட்கள் வருவார்கள். தேர்தல் நேரத்தில் அதிகம். நண்பனைக் கலாய்க்க என்பார்கள். செய்வதில்லை. நீங்கள் அப்படியொன்றைச் சந்தேகப்பட்டால், பெரிதாக்கிப் பாருங்கள். JPEG படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகச் சுருக்கப்படுகிறது. பழைய எழுத்தைச் சுற்றித் தூசி படிந்த மாதிரி ஒரு கலங்கல் இருக்கும். புதிதாக ஒட்டிய எழுத்தைச் சுற்றி அது குறைவாக, சுத்தமாக இருக்கும். பின்னணி நிறம் அந்த இடத்தில் மட்டும் தட்டையாக இருக்கும். தமிழ் எழுத்துருவின் தடிப்பும் அந்த நிறுவனம் வழக்கமாகப் போடுவதோடு ஒத்துப்போகாது. ஆனால் பத்துப் பேர் அனுப்பிய பிறகு எல்லாம் ஒரேயடியாகக் கலங்கிவிடும், இந்தச் சோதனை வேலை செய்யாது. அப்போது அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அந்தத் திகதியில் தேடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

போஸ்டரின் பைலை ஐயா கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொன்னார். உரிமமும் அதைத்தான் சொல்கிறது. ஆடி மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு குடியிருப்புக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். தங்கள் கட்டிடத்துக்கு ஏற்ற மாதிரி மஞ்சள் பெட்டியை அவர்களே மாற்றி, வேறு அச்சகத்தில் அடித்தார்கள். போன கிழமை அந்தப் பக்கம் போனபோது வாசலில் நின்று வாசித்தேன். வாரம் ஒருமுறை அப்படியே இருந்தது. காய்ச்சல் விட்ட பிறகு என்ற வரியும் இருந்தது. அடியில் எங்கள் குறிப்பை அவர்கள் தொடவில்லை. அதன் முடிவில் வேறு எழுத்துருவில், கொஞ்சம் கோணலாக, ஒரு வரி சேர்ந்திருந்தது: "வெள்ளவத்தைச் சங்கத்தின் பிரதியிலிருந்து எடுத்தது. மஞ்சள் பெட்டியை மாற்றியவர்கள் நாங்கள்."